சமன்பாட்டுக்குள் மையத்தைத் தேடுவது எப்படி?

அகழாய்வுக் குழியில் முழுப் பானை அகப்படுவது அபூர்வம். கூடை கூடையாக வருவதெல்லாம் ஓடுகள்தான். அந்தக் குவியலிலிருந்து வாய் விளிம்பு ஒட்டிய ஓடுகளை ஆய்வாளர்கள் தனியே பொறுக்கி வைப்பார்கள். சக்கரத்தில் வனைந்த பானையின் வாய் வட்டமாக இருக்கும். அந்த வட்டத்தில் ஒரு துண்டு கையில் இருந்தால், முழு வாயும் எவ்வளவு அகலம் என்று சொல்லிவிடலாம். அகலம் தெரிந்தால், அது தண்ணீர்க் குடமா, அடுப்பில் ஏற்றிய சட்டியா என்று ஊகிக்க ஒரு பிடி கிடைக்கும்.

களத்தில் இதற்கு ஒரு சுலபமான ஏற்பாடு உண்டு. ஒரே மையத்தைச் சுற்றி அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வளைவுகள் வரைந்த தாள் ஒன்றை வைத்திருப்பார்கள். ஓட்டின் விளிம்பை அதன்மேல் கவிழ்த்து, எந்த வளைவோடு பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். அந்தத் தாள் இல்லாமல் ஒரு வரைபடத்தாளும் பென்சிலும் மட்டும் இருந்தாலும் விட்டத்தைக் கண்டுபிடிக்கலாம். அதற்கு வேண்டிய கணக்கு நம் மேல்நிலைப் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. வட்டத்தின் பொதுச் சமன்பாட்டிலிருந்து மையத்தையும் ஆரத்தையும் கண்டுபிடிக்கும் கணக்கு அது.

பாடத்தில் ஒரு குறை எனக்கு எப்போதும் தோன்றும். x² + y² − 2x + 10y − 74 = 0 என்று ஒரு சமன்பாட்டைக் கொடுத்து, மையம் எது, ஆரம் என்ன என்று கேட்பார்கள். இந்தச் சமன்பாடு எங்கிருந்து வந்தது, மையத்தை அதற்குள் ஒளித்துவைத்தது யார், எதற்காக ஒளித்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஓட்டிலிருந்து தொடங்கினால் அந்தக் கேள்விகளுக்குத் தானாகவே பதில் வந்துவிடும்.

ஓட்டின் விளிம்பை வரைபடத்தாளில் வைத்து, வெளிப்பக்கத்தை ஒட்டிக் கூர்மையான பென்சிலால் கோடு இழுத்துக்கொள்வோம். ஒரு வளைவு கிடைக்கும். தாளில் வசதியான இடத்தில் x அச்சும் y அச்சும் போட்டு, வளைவின் மேல் மூன்று புள்ளிகளைக் குறிப்போம். சென்டிமீட்டர் அளவில் அவை (1, 5), (7, 3), (9, 1) என்று வைத்துக்கொள்வோம். கணக்கு சுத்தமாக வர வேண்டும் என்பதற்காக நானே தேர்ந்தெடுத்த எண்கள் இவை. நிஜ ஓட்டில் தசமப் புள்ளிகள் வரும், வழி மாறாது.

வட்டம் என்றால் என்ன? ஒரு மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்தது. மையம் (h, k), ஆரம் r என்றால், பித்தாகரஸ் தேற்றப்படி

(x − h)² + (y − k)² = r²

இதைவிட வெளிப்படையான சமன்பாடு இருக்க முடியாது. மையமும் ஆரமும் பார்த்த மாத்திரத்தில் தெரிகின்றன. ஆனால் நம்மிடம் இருப்பது மையம் அல்ல, மூன்று புள்ளிகள். அவற்றை இதில் போட்டுப் பார்த்தால் h, k, r மூன்றும் வர்க்கமாகி நிற்கும். மூன்று சமன்பாடுகள், ஒவ்வொன்றிலும் மூன்று தெரியாத எண்கள், மூன்றும் வர்க்கத்தில். செய்ய முடியாதது இல்லை, ஆனால் பிசுபிசுப்பான வேலை.

அடைப்புக்குறிகளைப் பிரித்துப் பெருக்கினால் நிலைமை மாறிவிடும்.

x² + y² − 2hx − 2ky + (h² + k² − r²) = 0

x-க்கு முன்னால் நிற்கும் −2h என்ற கெழுவை p என்றும், y-க்கு முன்னால் நிற்கும் −2k-ஐ q என்றும், கடைசியில் அடைப்புக்குள் இருக்கும் மொத்தத்தையும் c என்றும் எழுதினால், x² + y² + px + qy + c = 0. இதுதான் பொதுச் சமன்பாடு. மையம் இப்போது கண்ணில் படவில்லை. ஆனால் p, q, c மூன்றுக்கும் வர்க்கமே இல்லை. இந்த வசதிக்காகத்தான் மையத்தை உள்ளே தள்ளினோம். புள்ளிகளைப் போட்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தீர்க்கும் நேரியல் சமன்பாடுகள்தான் வரும்.

போட்டுப் பார்ப்போம். (1, 5) என்ற புள்ளிக்கு x² + y² = 26. ஆகவே p + 5q + c = −26. (7, 3)-க்கு 7p + 3q + c = −58. (9, 1)-க்கு 9p + q + c = −82.

இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் c போய்விடும்: 6p − 2q = −32. மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 2p − 2q = −24. இந்த இரண்டையும் கழித்தால் 4p = −8, அதாவது p = −2. அதை வைத்து q = 10, பிறகு c = −74. ஓட்டின் விளிம்பு எந்த வட்டத்தின் துண்டோ, அந்த வட்டத்தின் சமன்பாடு கைக்கு வந்துவிட்டது:

x² + y² − 2x + 10y − 74 = 0

பாடப்புத்தகம் வானத்திலிருந்து இறக்கி வைக்கும் சமன்பாடு இப்படித்தான் பிறக்கிறது. இனி உள்ளே தள்ளிய மையத்தை வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கான வழிதான் வர்க்கப் பூர்த்தி.

இந்த வழி வட்டச் சமன்பாட்டைவிட மிகப் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி தம் இயற்கணித நூலில் ஒரு கணக்கைத் தீர்த்துக் காட்டுகிறார். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணைப் போல் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகிறது, எண் எது? இன்றைய குறியீட்டில் x² + 10x = 39. அவரிடம் x என்ற எழுத்தும் கிடையாது, வர்க்கக் குறியும் கிடையாது. படம் வரைந்து காட்டினார்.

ஒரு சதுரம் வரையுங்கள். அதன் பக்கம் நாம் தேடும் எண். மீதமுள்ள பத்து மடங்கை இரண்டாகப் பிரித்து, 5 அகலமுள்ள இரண்டு செவ்வகங்களாக்குங்கள். ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கத்திலும் இன்னொன்றை மேல்பக்கத்திலும் ஒட்டுங்கள். இப்போது பெரிய சதுரம் ஒன்று ஏறக்குறைய உருவாகிவிட்டது, மேல் மூலையில் மட்டும் ஒரு துண்டு குறைகிறது. அந்தத் துண்டு 5-க்கு 5, பரப்பு 25. அதை வைத்து அடைத்தால் சதுரம் பூர்த்தியாகிவிடும். மொத்தப் பரப்பு 39 + 25 = 64, பக்கம் 8. அதில் ஒட்டிய 5-ஐக் கழித்தால் விடை 3.

“கெழுவில் பாதியை எடு, அதை வர்க்கமாக்கு, இருபுறமும் கூட்டு” என்று வகுப்பில் ஒப்பிக்கும் வாய்ப்பாட்டின் மூன்று சொற்களும் இந்தப் படத்தில் இருக்கின்றன. பாதி எடுப்பது, பத்தை இரண்டு பக்கமும் ஒட்டுவதற்காக. வர்க்கமாக்குவது, குறைகிற மூலை சதுரமாக இருப்பதால். கூட்டுவது, அந்த மூலையை அடைப்பதற்காக. இடப்பக்கம் ஒரு மூலையை அடைத்தால் வலப்பக்கமும் அதே அளவு ஏற வேண்டும், இல்லையென்றால் சமன் கெட்டுவிடும்.

தற்செயலாக நம் ஓட்டுச் சமன்பாட்டிலும் 10y இருக்கிறது. y² + 10y என்பது அல்-குவாரிஸ்மி வரைந்த அதே படம். 25-ஐச் சேர்த்தால் (y + 5)².

−2x-க்கு என்ன செய்வது? இங்கே ஒட்டுவதற்குப் பதிலாக வெட்ட வேண்டும். x பக்கமுள்ள சதுரத்தில் வலப்பக்கம் 1 அகலத்துக்கு ஒரு பட்டை, மேல்பக்கம் 1 அகலத்துக்கு ஒரு பட்டை கழிக்கிறோம். இரண்டு பட்டைகளும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அந்த 1-க்கு 1 மூலையை இரண்டு முறை கழித்துவிட்டோம். ஒரு முறை திருப்பித் தர வேண்டும். ஆகவே x² − 2x-உடன் 1-ஐக் கூட்டினால் (x − 1)². கெழு மிகையாக இருந்தாலும் குறையாக இருந்தாலும் சேர்ப்பது மட்டும்தான், கழிப்பதே இல்லை. பாடத்தில் பலர் தடுமாறும் இடம் இது. படத்தை ஒரு முறை பார்த்தவர்கள் தடுமாறுவதில்லை.

இனி முழுக் கணக்கு. x உறுப்புகளை ஒரு பக்கம், y உறுப்புகளை ஒரு பக்கம் சேர்த்து, மாறிலியை வலப்பக்கம் அனுப்புவோம்:

(x² − 2x) + (y² + 10y) = 74

முதல் அடைப்புக்குள் 1, இரண்டாவதற்குள் 25. அதே 1-ம் 25-ம் வலப்பக்கமும்:

(x² − 2x + 1) + (y² + 10y + 25) = 74 + 1 + 25

(x − 1)² + (y + 5)² = 100

வெளிப்படையான வடிவம் திரும்பி வந்துவிட்டது. அதில் (x − h) என்றும் (y − k) என்றும் கழித்தல் குறியோடு எழுதியிருந்தோம். ஆகவே y + 5 என்பது y − (−5). மையம் (1, −5). வலப்பக்கம் இருக்கும் 100 ஆரம் அல்ல, ஆரத்தின் வர்க்கம். ஆரம் 10 செ.மீ., பானை வாயின் விட்டம் 20 செ.மீ.

சரியா என்று பார்க்க அரை நிமிடம் போதும். தொடக்கத்தில் எடுத்த (7, 3) என்ற புள்ளி மையத்திலிருந்து எவ்வளவு தூரம்? பக்கவாட்டில் 6, மேலே 8. 36-ம் 64-ம் சேர்ந்து 100. பொருந்துகிறது. புள்ளிகள் இல்லாமல் வெறும் சமன்பாட்டிலிருந்து தொடங்கியிருந்தாலும் ஒரு சோதனை உண்டு. மையத்திலிருந்து ஆர அளவுக்கு வலப்பக்கம் நகர்ந்தால் (11, −5) வரும். அதைப் பழைய சமன்பாட்டில் போட்டால் 121 + 25 − 22 − 50 − 74, அதாவது 0. பூஜ்யம் வராவிட்டால் எங்கோ குறி புரண்டிருக்கிறது என்று பொருள்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பொதுச் சமன்பாட்டை x² + y² + 2gx + 2fy + c = 0 என்று எழுதி, மையம் (−g, −f), ஆரம் √(g² + f² − c) என்று சூத்திரம் தருகின்றன. இதே வர்க்கப் பூர்த்தியை எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்து ஒரே தடவையாகச் செய்து முடித்ததுதான் அந்தச் சூத்திரம். முன்கூட்டியே 2g, 2f என்று எழுதியது, பாதி எடுக்கும்போது பின்னம் வரக் கூடாது என்பதற்காக. நம் கணக்கில் g = −1, f = 5, c = −74. வர்க்க மூலத்துக்குள் 1 + 25 + 74. c-க்கே குறை இருப்பதால் அதைக் கழிப்பது கூட்டலாகிறது. அவசரத்தில் 26 − 74 என்று எழுதி, வர்க்க மூலத்துக்குள் −48 வந்து, வட்டமே இல்லை என்று முடித்துவிடுவார்கள். சூத்திரத்தை மட்டும் நம்பினால் இந்த விபத்துக்கு வாய்ப்பு அதிகம். வர்க்கப் பூர்த்தி செய்பவருக்கு 74 வலப்பக்கம் போகும்போதே மிகையாகிவிடுவதால், தவறு செய்ய இடமே இல்லை. தேர்வு அறையில் நேரம் இருந்தால் நான் சூத்திரத்தைவிட வர்க்கப் பூர்த்தியைத்தான் செய்யச் சொல்வேன்.

இன்னொரு பொறி, x²-க்கும் y²-க்கும் முன்னால் எண் நிற்பது. 4x² + 4y² − 12x + 4y − 15 = 0 என்று கொடுத்தால், −12-இல் பாதி −6, 4-இல் பாதி 2 என்று பாய்ந்து, மையம் (6, −2) என்று எழுதுபவர்கள் உண்டு. அல்-குவாரிஸ்மியின் படத்தில் ஒரே ஒரு சதுரம்தான் இருந்தது. இங்கே நான்கு சதுரங்கள் இருக்கின்றன. முதலில் எல்லாவற்றையும் 4-ஆல் வகுத்து ஒன்றாக்க வேண்டும். x² + y² − 3x + y = 15/4. பாதிகள் −3/2, 1/2. அவற்றின் வர்க்கங்கள் 9/4, 1/4. வலப்பக்கம் 15/4 + 9/4 + 1/4 = 25/4. மையம் (3/2, −1/2), ஆரம் 5/2. x²-க்கு ஓர் எண்ணும் y²-க்கு வேறோர் எண்ணும் நின்றால், அல்லது xy என்ற உறுப்பு தலைகாட்டினால், அது வட்டமே அல்ல. அங்கே ஆரம் தேடுவது வீண்.

வடிவம் ஒழுங்காக இருந்தும் வட்டம் இல்லாமல் போவதும் உண்டு. x² + y² − 4x + 6y + 13 = 0 என்பதைப் பூர்த்தி செய்தால் (x − 2)² + (y + 3)² = 0. இரண்டு வர்க்கங்களின் கூட்டு பூஜ்யம் என்றால் இரண்டும் பூஜ்யமாக இருந்தாக வேண்டும். (2, −3) என்ற ஒரே புள்ளிதான் மிஞ்சும். 13-க்குப் பதில் 14 இருந்தால் வலப்பக்கம் −1 வரும். எந்தப் புள்ளியும் அதை நிறைவு செய்யாது. ஓட்டுக் கணக்கில் இப்படி நேர முடியாது. ஒரே கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகள் வழியாக ஒரு வட்டம் கட்டாயம் போகும், ஒன்றுதான் போகும். மூன்று புள்ளிகளும் ஒரே நேர்க்கோட்டில் விழுந்துவிட்டால் p, q, c-க்கான சமன்பாடுகளே ஒன்றோடொன்று முரண்படும். அது வட்டத்தின் குறை அல்ல, புள்ளி எடுத்தவரின் குறை.

கணக்குப் புத்தகம் சொல்லாத ஒரு சங்கதி இனிமேல்தான் வருகிறது. வர்க்கப் பூர்த்தியில் பிழையே கிடையாது, கொடுத்த எண்ணுக்கு அது துல்லியமான விடை தரும். ஆனால் பென்சில் கோட்டுக்கும் தடிமன் உண்டு. ஓட்டின் விளிம்பு சிதைந்திருக்கும். நடுப்புள்ளியை (7, 3) என்று எடுத்தோமே, கண் ஒரு மில்லிமீட்டர் ஏமாந்து (7, 3.1) என்று குறித்திருந்தால் என்ன ஆகும்? அதே வழியில் கணக்கிட்டால் ஆரம் சுமார் 9.3 செ.மீ. அந்தப் பக்கம் ஏமாந்து (7, 2.9) என்று எடுத்தால் சுமார் 10.9 செ.மீ. ஒரே ஒரு புள்ளியில் ஒரு மில்லிமீட்டர் தவறினால், பானை வாயின் விட்டம் 18.6 செ.மீ.யிலிருந்து 21.8 செ.மீ. வரை ஆடுகிறது.

ஓடு சிறுக்கச் சிறுக்க இந்த ஆட்டம் கட்டுக்கடங்காமல் போகும். நம் ஓட்டில் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 9 செ.மீ. அந்தக் கோட்டின் நடுவிலிருந்து வளைவு 1 செ.மீ.க்குச் சற்று மேல் புடைத்து நிற்கிறது. அதே பானையில் 4 செ.மீ. நீளத் துண்டு மட்டும் கிடைத்திருந்தால், புடைப்பு வெறும் 2 மில்லிமீட்டர். அதை 3 என்று அளந்தால் ஆரம் 7 செ.மீ.க்குக் கீழே வரும், 1 என்று அளந்தால் 20 செ.மீ. ஆகிவிடும். கையளவு கிண்ணமும் பெரிய அண்டாவும் ஒரே ஓட்டிலிருந்து வருகின்றன. இந்த நிலையில் விட்டம் என்று ஓர் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதாமல் விடுவதே நேர்மை.

பெரிய ஓட்டுக்கு மூன்றோடு நிற்காமல் பத்து இருபது புள்ளிகள் எடுக்கலாம். அப்போது எல்லாப் புள்ளிகளையும் தொடும் வட்டம் இருக்காது. பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டிப் பார்த்து, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி p, q, c-ஐத் தேர்ந்தெடுப்பார்கள். p, q, c வர்க்கமில்லாமல் இருக்கும் அதே வசதி இங்கேயும் கைகொடுக்கிறது. இருபது புள்ளிகளானாலும் கடைசியில் தீர்க்க வேண்டியவை மூன்றே எளிய சமன்பாடுகள். அதற்குப் பிறகு மையம் எடுப்பது பழையபடி வர்க்கப் பூர்த்திதான். சிறிய வளைவுகளில் இந்த வழி ஆரத்தைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் பழக்கம் உடையது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் உடைந்த ஓட்டைத் தேட வேண்டியதில்லை. சாப்பாட்டுத் தட்டு ஒன்றை வரைபடத்தாளின் ஓரத்தில் கவிழ்த்து, உள்ளே விழுகிற துண்டு வளைவை மட்டும் வரையுங்கள். மூன்று புள்ளிகளை நெருக்கமாக எடுத்து ஒரு முறையும், வளைவின் இரண்டு கோடிகளிலும் நடுவிலுமாக எடுத்து ஒரு முறையும் விட்டத்தைக் கணக்கிடுங்கள். பிறகு தட்டை ஸ்கேலால் அளந்து பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது விடைதான் தட்டுக்கு அருகில் வரும்.